கதவை மூடும் உரிமை யாருடையது?
கூட்டுறவுச் சங்கமும் கம்பெனியும்: கண்ணூர் கற்பிக்கும் வணிகவியல்

(பொன்முடியில் வணிகவியல் மாணவர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு வருகிறவர்கள் ஒரே நாளில் இரண்டு தொழில் வடிவங்களைக் கண்ணால் காண்கிறார்கள். தம்பானூர் பேருந்து நிலையத்தின் அருகே லாரி பேக்கர் வடிவமைத்த செங்கல் நிறச் சுருள் கட்டடத்தில் காலைக் காபி அருந்தினால், அது ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் காபி. கல்லாறு கடந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இருபுறமும் தெரியும் தேயிலைச் சரிவுகளோ தோட்டக் கம்பெனி என்னும் வடிவம் வளர்த்தெடுத்தவை. இரண்டு இடங்களிலும் தொழிலாளர்கள் உழைக்கிறார்கள். இரண்டு இடங்களிலும் வரவு செலவுக் கணக்கு உண்டு, பொருள் உண்டு, சந்தை உண்டு. இரண்டும் சட்டத்தின் பார்வையில் தனி ஆளுமை கொண்டவை. தன் பெயரில் சொத்து வாங்கவும், வழக்குத் தொடுக்கவும், உறுப்பினர் மாறினாலும் தொடர்ந்து வாழவும் இரண்டாலும் முடியும். அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது?

பாடநூல்கள் இதற்கு ஓர் அட்டவணை தருகின்றன. இடப்பக்கம் கம்பெனி, வலப்பக்கம் கூட்டுறவுச் சங்கம். உறுப்பினர் எண்ணிக்கை, வாக்குரிமை, ஈவுத்தொகை, பங்கு மாற்றம் என ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். அட்டவணை சரியானதே. ஆனால் அந்த வரிகள் ஏன் அப்படி அமைந்தன என்பது, தொழில் நெருக்கடிக்குள்ளாகும் நாளில்தான் விளங்கும். தம்பானூர்க் காபி இல்லத்தின் பின்னணியிலும் அப்படியொரு நாள் உண்டு. 1957இல் காபி வாரியம் தனது காபி இல்லங்களை மூடுவதென முடிவெடுத்தபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ.கே.கோபாலனின் வழிகாட்டுதலில் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டு அவற்றைத் தாமே நடத்த முன்வந்தார்கள். கேரளத்தில் அவர்களுடைய முதல் இல்லம் 1958 மார்ச் 8 அன்று திருச்சூரில் திறக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பின் மாநிலத்தின் வடபகுதியில், கண்ணூரில், இதைவிடப் பன்மடங்கு பெரிய அளவில் அதே கேள்வி எழுந்தது. அந்த நிகழ்வைப் படிப்படியாகப் பார்த்தால் அட்டவணையின் ஒவ்வொரு வரியும் உயிர்பெற்று நிற்கும்.

கண்ணூர், 1968

பீடித் தொழில் எப்படி நடக்கிறது என்பது திருநெல்வேலி, தென்காசிப் பகுதித் தோழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே பெண்கள் பீடிக் கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, வீட்டில் சுற்றிக் கட்டி, மறுநாள் எண்ணிக் கொடுத்துக் கூலி பெறுகிறார்கள். இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு முறம், ஒரு கத்தரிக்கோல், கொஞ்சம் நூல் போதும். ஆகவே இத்தொழிலில் முதலாளியின் மூலதனம் கட்டடத்திலோ இயந்திரத்திலோ கிடப்பதில்லை. அது இலையிலும் புகையிலையிலும் வணிகப் பெயரிலும் இருக்கிறது. ஓர் ஊரில் தொல்லை ஏற்பட்டால் இலையையும் தூளையும் அடுத்த ஊருக்கு அனுப்பிவிடலாம்.

கண்ணூரில் நிலைமை சற்று வேறாக இருந்தது. மங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட கணேஷ் பீடி முதலிய பெரிய கம்பெனிகள் அங்கே கூடங்கள் அமைத்துத் தொழிலாளர்களை ஒன்றாக அமர்த்தி வேலை வாங்கின. ஒன்றாக அமர்ந்தவர்கள் ஒன்றாகச் சிந்திக்கவும் தொடங்கினார்கள். ஒருவர் செய்தித்தாளையோ நூலையோ உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பது அந்தக் கூடங்களின் வழக்கம். வாசிப்பவர் இழக்கும் பீடிகளை ஏனையோர் பகிர்ந்து சுற்றிக் கொடுத்தார்கள்.

1966இல் நாடாளுமன்றம் பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. பணியிடத்துக்கு உரிமம், வேலை நேர வரையறை, விடுப்பு, மகப்பேற்று நலன் ஆகியவற்றை அது வேலையளிப்பவரின் கடமையாக்கியது. இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு தலைமையிலான அமைச்சரவை 1968இல் அதைக் கேரளத்தில் நடைமுறைப்படுத்த முனைந்தது. கம்பெனிகளின் பதில் எளிமையானதாக இருந்தது. கண்ணூர்க் கூடங்களை மூடிவிட்டு, வேலையைச் சட்டம் எட்டாத வீடுகளுக்கும் இடைத்தரகர்களுக்கும் மாற்றின. ஏறத்தாழ 12 ஆயிரம் பேர் வேலையிழந்தனர்.

இங்கே நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். கூடத்தை மூடும் முடிவு எந்தக் கூட்டத்தில் எடுக்கப்பட்டது? அதில் வாக்களிக்கும் உரிமை யாருக்கு இருந்தது? மூலதனம் போட்டவருக்கு இருந்தது. முப்பது ஆண்டுகள் பீடி சுற்றியவருக்கு இல்லை. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உரிமையாளரின் உரிமை மூலதனத்திலிருந்து பிறக்கிறது. எங்கே ஆதாயம் கூடுதலோ அங்கே மூலதனத்தைக் கொண்டுசெல்லும் அதிகாரமும் அவருடையதே. கம்பெனி என்ற வடிவம் இதற்காகவே உருவாக்கப்பட்டது. முகம் தெரியாத பலரிடமிருந்து பணத்தைத் திரட்டுவதும், அந்தப் பணத்துக்கு இயன்றவரை அதிக ஆதாயம் ஈட்டுவதும், விரும்பும்போது பங்கை விற்று வெளியேற வழி செய்வதும் அதன் வேலை.

ஒரு ரூபாயில் தொடங்கிய உரிமை

வேலையிழந்தோரின் போராட்டத்தையடுத்து அரசு கூட்டுறவு வழியைத் தேர்ந்தது. 1969 பிப்ரவரியில் கேரள தினேஷ் பீடித் தொழிலாளர் மத்தியக் கூட்டுறவுச் சங்கம் செயல்படத் தொடங்கியது. அதன் தலைவராகத் தொழில்துறை அனுபவம் மிக்க ஜி.கே.பணிக்கர் பொறுப்பேற்றார்.

அமைப்பு இரண்டு அடுக்குகளைக் கொண்டது. கீழே, பல ஊர்களில் தொழிலாளர்களை உறுப்பினர்களாகக் கொண்ட 20 அடிப்படைச் சங்கங்கள். பீடி சுற்றும் கூடங்களை நடத்துவதும், கூலி கொடுப்பதும், தரம் பார்ப்பதும் அவற்றின் பணி. மேலே, அந்தச் சங்கங்களை உறுப்பினர்களாகக் கொண்ட மத்தியச் சங்கம். இலையையும் புகையிலையையும் மொத்தமாக வாங்குவதும், ஒரே பெயரில் விற்பனை செய்வதும், விலை நிர்ணயிப்பதும் அதன் பணி. இந்தப் பிரிவினைக்குக் காரணம் உண்டு. ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் வெளிமாநிலச் சந்தைக்குத் தனித்தனியே போய்ப் புகையிலை வாங்கினால் வணிகர்களின் பிடியில் சிக்கும். மாறாக, ஆயிரக்கணக்கானவர்களின் கூடத்தை ஒரே அலுவலகம் நடத்தினால் தொழிலாளியின் குரல் அதன் காதில் விழாது. பேரம் பேசப் பெரிய அமைப்பு, ஆட்சி செய்யச் சிறிய அமைப்பு என்று இரண்டையும் இணைத்தார்கள்.

அடுத்த கேள்வி மூலதனம். வேலையிழந்த தொழிலாளியிடம் அது எங்கிருந்து வரும்? ஒரு பங்கின் மதிப்பு 20 ரூபாய் என வைக்கப்பட்டது. உறுப்பினர் ஒரு ரூபாய் செலுத்தினால் போதும். எஞ்சிய 19 ரூபாயை அரசு கடனாக அளித்தது. அது கூலியிலிருந்து சிறு தவணைகளாகப் பிடித்தம் செய்யப்பட்டது. சங்கத்தின் பங்கு மூலதனத்திலும் அரசு பங்கேற்றது. கண்ணூர்த் தொழிலாளி கையிலிருந்து கொடுத்த தொகை ஒரு ரூபாய். பெற்றது ஒரு முழு வாக்கு.

தலைக்கு ஒரு வாக்கு

கம்பெனியில் வாக்கு பங்கைச் சார்ந்தது. பொதுக்கூட்டத்தில் கையுயர்த்தி வாக்கெடுக்கும்போது ஆளுக்கு ஒன்று என்று தோன்றலாம். ஆனால் முறையான வாக்குச்சீட்டு வாக்கெடுப்பு கோரப்பட்டதும் பங்குக்கு ஒன்று என்ற விதி வந்துவிடும். 10 ஆயிரம் பங்குகளில் 5,100 பங்குகள் ஒருவரிடம் இருந்தால், ஏனைய ஆயிரம் பேர் ஒன்றுசேர்ந்தாலும் சாதாரணத் தீர்மானத்தில் அவரைத் தோற்கடிக்க முடியாது. கூட்டத்துக்கு வர இயலாதவர் பதிலாளை அனுப்பலாம்.

கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவரிடம் ஒரு பங்கு இருந்தாலும் நூறு பங்கு இருந்தாலும் ஒரே வாக்கு. அதையும் நேரில் வந்து செலுத்த வேண்டும். பதிலாள் முறையை அனுமதித்தால், ஒருவர் ஐம்பது பேரின் கையொப்பத்தைத் திரட்டி வந்து ஐம்பது வாக்குகளின் அதிபதியாகிவிடுவார்; பின்வாசல் வழியாகக் கம்பெனி நுழைந்துவிடும். ஒரு தனிநபர் மொத்தப் பங்கு மூலதனத்தில் ஐந்திலொரு பகுதிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று கேரளக் கூட்டுறவுச் சட்டம் வரம்பிடுவதும் இதே நோக்கத்தால்தான். வாக்கு ஒன்றுதான் என்றாலும், சங்கத்தின் பணத்தில் பாதி ஒருவருடையதாக இருந்தால், 'எடுத்துக்கொண்டு போய்விடுவேன்' என்ற அச்சுறுத்தலே அவருக்கு வாக்காகிவிடும் அல்லவா?

தினேஷ் கூடங்களில் இந்த ஒற்றை வாக்கின் பயன் அன்றாடம் தெரிந்தது. பீடியைத் தரம் பார்த்துக் கழிக்கும் அதிகாரம் தனியார் கூடங்களில் ஒடுக்குமுறைக் கருவி. கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. ஆனால் அது விற்பனைக்குப் போகும். சங்கத்திலும் தரம் பார்க்கத்தான் வேண்டும், ஏனெனில் பெயர் கெட்டால் சந்தை போய்விடும். ஆனால் தரம் பார்ப்பவருக்கு மேலே இருக்கும் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பவர்கள் சுற்றுகிறவர்களே. மேற்பார்வையாளர் இல்லாமல் தொழில் நடக்காது. அந்த மேற்பார்வையாளர் யாருக்குப் பதில்சொல்ல வேண்டியவர் என்பதையே வாக்குரிமை தீர்மானிக்கிறது.

உபரியைப் பங்கிடும் கணக்கு

வாக்குக்கு அடுத்து உபரி. இதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 500 தொழிலாளர்களைக் கொண்ட ஓர் உற்பத்திச் சங்கத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் 500 ரூபாய்ப் பங்கு வைத்திருக்கிறார்கள். பங்கு மூலதனம் இரண்டரை லட்சம். அந்த ஆண்டில் கொடுத்த மொத்தக் கூலி 1 கோடியே 45 லட்சம். கூலி, சட்டப்படியான போனஸ், மூலப்பொருள், வட்டி எல்லாம் போக உபரி 10 லட்சம்.

முதலில் காப்புநிதிக்கு ஒரு பகுதி. இங்கே 2 லட்சம் என வைத்துக்கொள்ளலாம். கூட்டுறவுச் சட்டங்கள் இதைக் கட்டாயமாக்கியுள்ளன. அடுத்து, உறுப்பினர் கல்விக்கும் பொதுநலனுக்கும் 50 ஆயிரம். பங்கு மூலதனத்துக்கு நூற்றுக்குப் பத்து வீதம் ஈவுத்தொகை என்றால் 25 ஆயிரம். எஞ்சியது 7 லட்சத்து 25 ஆயிரம். இது பங்கின் அடிப்படையில் பிரிக்கப்படுவதில்லை. அவரவர் சங்கத்துக்கு அளித்த உழைப்பின் அடிப்படையில், அதாவது ஈட்டிய கூலியின் விகிதத்தில் பிரிக்கப்படுகிறது. மொத்தக் கூலியோடு ஒப்பிட்டால் ரூபாய்க்கு 5 காசு. ஆண்டில் 30 ஆயிரம் ஈட்டியவர் 1,500 ரூபாய் பெறுவார்; 20 ஆயிரம் ஈட்டியவர் 1,000 பெறுவார். ஈவுத்தொகையோ இருவருக்கும் 50 ரூபாய்தான். நுகர்வோர் சங்கமானால் வாங்கிய பொருளின் அளவும், பால் உற்பத்தியாளர் சங்கமானால் ஊற்றிய பாலின் அளவும் இதே இடத்தில் அளவுகோலாக வரும்.

இதே 10 லட்சம் ஒரு கம்பெனியில் மிஞ்சினால் என்ன நடக்கும்? இயக்குநர் குழு பரிந்துரைத்து 5 லட்சத்தை ஈவுத்தொகையாகக் கொடுக்கலாம். 51 விழுக்காடு பங்கு வைத்திருப்பவருக்கு 2 லட்சத்து 55 ஆயிரம் போகும். எஞ்சிய 5 லட்சம் கம்பெனியிலேயே தங்கினாலும் அதுவும் பங்குதாரர்களுடையதே. பங்கின் மதிப்பு அந்த அளவுக்கு உயரும். விற்கும்போது அது கைக்கு வரும். கூட்டுறவுப் பங்கு அப்படி உயராது. உறுப்பினர் விலகும்போது போட்ட தொகையைத் திரும்பப் பெறுவார். காப்புநிதியில் அவருக்குத் தனிப்பங்கு கிடையாது. அது அவருக்கு முன்னால் உழைத்தவர்களும் பின்னால் வரப்போகிறவர்களும் சேர்ந்து உடைமைகொண்ட நிதி.

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். கம்பெனியில் மூலதனம் உழைப்பைக் கூலிக்கு அமர்த்துகிறது. கூலி போக மிச்சம் மூலதனத்துக்கு. தொழிலாளர் கூட்டுறவில் உழைப்பு மூலதனத்தை வாடகைக்கு எடுக்கிறது; வரம்புக்குட்பட்ட வாடகை போக மிச்சம் உழைப்புக்கு.

ஏழு கோட்பாடுகள்

1844 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். அவர்களில் பலர் நெசவாளர்கள். கலப்படமற்ற மாவு, சரியான எடை, ரொக்க வியாபாரம், வாங்கிய அளவுக்கு ஏற்ப உபரிப் பங்கு, ஆளுக்கு ஒரு வாக்கு என்பவை அவர்கள் வகுத்த விதிகள். அவற்றின் வழிவந்தவையே சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995இல் மான்செஸ்டரில் ஏற்ற ஏழு கோட்பாடுகள்: தன்விருப்பமான, அனைவருக்கும் திறந்த உறுப்பினர் தகுதி, உறுப்பினரின் ஜனநாயகக் கட்டுப்பாடு, உறுப்பினரின் பொருளாதாரப் பங்கேற்பு, தன்னாட்சி, கல்வியும் பயிற்சியும் தகவலும், கூட்டுறவுகளுக்கிடையே ஒத்துழைப்பு, சமூகத்தின்மீது அக்கறை.

இரண்டாவதும் மூன்றாவதும் மேலே பேசப்பட்டவை. கூடத்தில் உரக்க வாசிக்கும் பழக்கம் ஐந்தாவது கோட்பாட்டின் உயிருள்ள வடிவம். வரவு செலவு அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ள இயலாத உறுப்பினரின் வாக்கு வெறும் கையுயர்த்தலாகிவிடும். அடிப்படைச் சங்கங்கள் ஒன்றுகூடி மத்தியச் சங்கம் அமைத்தது ஆறாவது கோட்பாடு. மிகவும் சிக்கலானது நான்காவது கோட்பாடாகிய தன்னாட்சிதான்.

கண்ணூரில் அரசு கடன் கொடுத்தது, பங்கு வாங்கியது, தலைவரை நியமித்தது. அந்த உதவியில்லாமல் சங்கம் பிறந்திருக்காது. ஆனால் இப்படிப் பிறக்கும் சங்கம் அரசின் ஒரு துறையாகவே மாறிவிடும் ஆபத்தும் கூடவே பிறக்கிறது. நாட்டின் பல மாநிலங்களில் ஆட்சி மாறும்போதெல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்கள் கலைக்கப்பட்டுத் தனி அலுவலர்கள் ஆண்டுக்கணக்கில் நிர்வாகம் செய்த வரலாறு உண்டு. இதற்குத் தீர்வு என்ற பெயரில் 97ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமையாக அது சேர்த்தது. அதோடு நில்லாமல், நிர்வாகக் குழுவின் அளவு, பதவிக்காலம் முதலியவற்றை எல்லா மாநிலங்களுக்கும் தில்லியிலிருந்தே வகுக்க முற்பட்டது. கூட்டுறவுச் சங்கங்கள் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் பெறப்படவில்லை. ஆகவே மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அந்தப் பகுதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதே மாதத்தில்தான் ஒன்றிய அரசு கூட்டுறவுக்கெனத் தனி அமைச்சகத்தை ஏற்படுத்தியது. தன்னாட்சி என்பது எந்த அரசிடமிருந்தும் தானாகக் கிடைத்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

வடிவத்தின் எல்லைகள்

தினேஷ் வளர்ந்தது. மூவாயிரம் பேர் அளவில் தொடங்கிய சங்கம் 1980களின் உச்சத்தில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை தந்தது. பீடித் தொழிலில் ஏட்டளவில் இருந்த வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, சம்பளத்துடன் கூடிய விடுப்பு ஆகியவற்றை அது நடைமுறையில் வழங்கியது. அதன் கூலி அந்த வட்டாரத்தின் தனியார் கூலியையும் மேலே இழுத்தது.

ஆனால் இந்த நன்மைகளுக்கு விலை உண்டு. அதைக் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும். சட்டப்படியான கூலி கொடுக்கும் சங்கத்தின் பீடி, அதைக் கொடுக்காதவரின் பீடியைவிட விலை கூடியதாக இருக்கும். சந்தையில் வாங்குகிறவர் பீடிக்குப் பின்னால் இருக்கும் வைப்பு நிதியைப் பார்ப்பதில்லை. சட்டத்தை மதிக்கும் தொழிலும் மதிக்காத தொழிலும் ஒரே கடையில் அருகருகே விற்கப்படும்போது, கூட்டுறவு எவ்வளவு திறமையாக இயங்கினாலும் அந்த இடைவெளியை முழுதாக மூட முடியாது. கூட்டுறவுத் தொழிற்சாலைகளை உழைக்கும் வர்க்கத்தின் பெரும் சாதனையாக 1864இல் வரவேற்ற மார்க்ஸ், சிதறிக் கிடக்கும் தனித்தனி முயற்சிகளால் மூலதனத்தின் வளர்ச்சியைத் தடுக்க இயலாது என்றும் அதே உரையில் சொன்னார். கண்ணூரின் விற்பனைக் கணக்கு அந்தக் கூற்றை அன்றாடம் மெய்ப்பித்தது.

இரண்டாவது எல்லை மூலதனம். ஈவுத்தொகைக்கு வரம்பு, பங்கு விலை உயராது, எவ்வளவு போட்டாலும் ஒரே வாக்கு என்றால் வெளியார் ஏன் பணம் போடுவார்கள்? போடமாட்டார்கள். ஆகவே கூட்டுறவு தன் உபரியையும் கடனையும் நம்பியே விரிவடைய வேண்டும். கையுழைப்பு மிகுந்த பீடிக்கு இது பெரிய தடையாகவில்லை. பெரிய இயந்திரங்கள் தேவைப்படும் தொழிலில் இது உடனே உறைக்கும். உபரி முழுவதையும் ஆண்டுதோறும் பங்கிட்டு மகிழும் சங்கம் பத்தாண்டுகளில் பழைய கருவிகளோடு நின்றுவிடும். காப்புநிதி கட்டாயமாக்கப்பட்டதன் பொருள் இதுவே.

மூன்றாவது எல்லையைப் பண்டமே கொண்டுவந்தது. புகை உடல்நலத்துக்குக் கேடு. 1999இல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடைசெய்தது. பீடி புகைப்போர் குறைந்தனர். சமூகத்தின்மீது அக்கறை என்ற ஏழாவது கோட்பாட்டை ஏற்றவர்கள் இதற்காகப் புலம்பவும் முடியாது. இங்கேதான் வடிவத்தின் வேறுபாடு மீண்டும் வெளிப்பட்டது. தேவை குறைந்த தொழிலிலிருந்து மூலதனத்தை எடுத்துக்கொண்டு வேறிடம் போவது கம்பெனிக்கு இயல்பு. தினேஷின் உரிமையாளர்களால் தம்மைத்தாமே கைவிட்டுப் போக முடியாது. எனவே 1990களின் பிற்பகுதியிலிருந்து சங்கம் உணவுப் பண்டங்கள், தேங்காய்ப்பால், குடை, ஆயத்த ஆடை, மென்பொருள் எனப் புதிய துறைகளில் இறங்கியது. பழைய எண்ணிக்கையில் ஆட்களை இவற்றால் அமர்த்த முடியவில்லை. ஓய்வுபெற்றோரின் இடங்கள் நிரப்பப்படாமல் சங்கம் சுருங்கியது. ஆனால் 1968இல் போல ஒரே நாளில் கதவை மூடி ஆயிரக்கணக்கானோரைத் தெருவில் நிறுத்தும் செயல் நிகழவில்லை. வீழ்ச்சியையும் முறைப்படி, ஆண்டுகளில் பரப்பி, உறுப்பினரின் கணக்கைத் தீர்த்தபடியே கடப்பது இவ்வடிவத்தின் குறிப்பிடத்தக்க இயல்பு.

கெட்டுப்போவதை எப்படி அறிவது?

கூட்டுறவு வெளியிலிருந்து மட்டும் தாக்கப்படுவதில்லை, உள்ளிருந்தும் அழுகும். இதைப் பேசாமல் விடுவது மாணவர்களுக்கு அரைப்பாடம் நடத்துவதாகும். திருச்சூர் மாவட்டம் கருவன்னூர்க் கூட்டுறவு வங்கியில் 2021இல் வெளிப்பட்ட மோசடி, இடதுசாரிகள் பொறுப்பிலிருந்த ஒரு சங்கத்தில் நடந்தது. ஒரே சொத்தின் பேரில் பலமுறை கடன், உரிமையாளருக்கே தெரியாமல் அவர் ஆவணத்தின் பேரில் கடன் என்பவை அங்கே எழுந்த குற்றச்சாட்டுகள். வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்கள் அதைத் திரும்பப் பெற வரிசையில் நின்றார்கள். தலைக்கு ஒரு வாக்கு என்ற விதி அங்கும் ஏட்டில் இருந்தது. விதி இருப்பது ஒன்று, அதைப் பயன்படுத்தும் உறுப்பினர் இருப்பது வேறு.

அழுகல் தொடங்குவதைக் காட்டும் அடையாளங்கள் உண்டு. அவற்றைக் காண நிபுணராக இருக்க வேண்டியதில்லை. முதலில் பொதுப்பேரவை. ஆண்டுக் கூட்டத்துக்கு உறுப்பினரில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கேள்விகள் எழுந்தன என்று நடவடிக்கைக் குறிப்பேட்டில் பார்க்கலாம். ஆயிரம் உறுப்பினர் கொண்ட சங்கத்தில் ஆண்டுதோறும் அதே முப்பது பேர் வந்து எல்லாத் தீர்மானங்களையும் ஒருமனதாக நிறைவேற்றினால், அங்கே ஜனநாயகம் ஓய்வுபெற்றுவிட்டது என்று பொருள்.

இரண்டாவது தணிக்கை. தணிக்கை அறிக்கை எந்த ஆண்டுக்குரியது, அதில் சுட்டப்பட்ட குறைகளுக்கு நிர்வாகக் குழு என்ன பதில் அளித்தது, அந்தப் பதில் பொதுப்பேரவையில் வாசிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். கடன் சங்கமானால் தவணை தவறிய கடன்களைத் தனியே நோக்க வேண்டும். பழைய கடனை அடைக்கப் புதிய கடன் அதே நபருக்கு அல்லது அவர் வீட்டாருக்குக் கொடுக்கப்பட்டிருந்தால், ஏட்டில் வாராக்கடன் குறைந்திருக்கும், உண்மையில் வளர்ந்திருக்கும்.

மூன்றாவது, தொழிலாளர் சங்கங்களுக்கே உரிய அடையாளம். உறுப்பினரல்லாத கூலியாட்களின் எண்ணிக்கை எவ்வளவு? வேலை பெருகும்போது புதியவர்களை உறுப்பினராக்காமல் தினக்கூலிக்கு அமர்த்தினால் பழைய உறுப்பினருக்குக் கிடைக்கும் உபரி கூடும். எல்லோரும் சம்மதத்தோடு கையுயர்த்தும் தீர்மானம் அது. ஆனால் அந்த நாளிலிருந்து பழைய உறுப்பினர்கள் முதலாளிகளாகவும் புதியவர்கள் கூலிகளாகவும் பிரிகிறார்கள். பெயர்ப்பலகையில் கூட்டுறவு என்று இருக்கும், உள்ளே கம்பெனி நடக்கும். தன்விருப்பமான, திறந்த உறுப்பினர் தகுதி ஏன் முதல் கோட்பாடாக வைக்கப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது அரிது.

இந்த முகாமிலிருந்து ஊர் திரும்பும் மாணவர்களுக்கு ஒரு பணி. ஒவ்வோர் ஊரிலும் ஒரு தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கமோ, நெசவாளர் சங்கமோ, பால் சங்கமோ இருக்கும். பெற்றோரில் ஒருவர் அதில் உறுப்பினராகவும் இருக்கக்கூடும். அவருடன் சென்று மூன்று ஏடுகளைக் கேட்டு வாசியுங்கள்: சங்கத்தின் துணைவிதிகள், கடந்த பொதுப்பேரவையின் நடவடிக்கைக் குறிப்பு, இறுதியாக வந்த தணிக்கை அறிக்கை. துணைவிதியில் எழுதப்பட்ட உரிமைக்கும் குறிப்பேட்டில் பதிவான நடைமுறைக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்று அளந்து பாருங்கள். பாடநூல் அட்டவணையின் வலப்பக்கம் முழுவதும் அந்த மூன்று ஏடுகளுக்குள் இருக்கிறது. அவற்றைக் காட்ட மறுக்கும் சங்கம் எதுவானாலும், அதன் கதவை மூடும் உரிமை உறுப்பினரின் கையைவிட்டு எப்போதோ போய்விட்டது என்று குறித்துக்கொள்ளலாம்.